சமூக ஊடகங்களில் மக்கள் பேசுவதைக் கவனித்து வாடிக்கையாளர்களின் குறைகளையும் போட்டி நிறுவனங்களின் பலவீனங்களையும் கண்டுபிடிக்க முடியுமா? சிறிய நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

முடியும். கட்டுப்படியும் ஆகும். ஆனால் ஏதோ ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்; அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.

நான் கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கும் ஒரு விளம்பர முகமை மாதந்தோறும் பச்சை, சிவப்பு வட்டப்படங்களுடன் அறிக்கை அனுப்பியது. "சூப்பர் கிரைண்டர், மூணே மாசத்துல படுத்துடுச்சு" என்ற பின்னூட்டம் அதில் பாராட்டைக் குறிக்கும் பச்சையில் இருந்தது. எல்லா முகமைகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்க் கிண்டலை இயந்திரம் பிரித்தறியாதபோது பின்னூட்டங்களை ஒரு மனிதராவது படித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

அதன்பின் நாங்களே படிக்கத் தொடங்கினோம். இணைய விற்பனைத் தளங்களில் ஒரு நட்சத்திர விமர்சனங்களைவிட இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களே அதிகம் பயன்பட்டன; ஒரு நட்சத்திரத்தில் பாதிக்கு மேல் உடைந்த பெட்டியையும் தாமதமான டெலிவரியையும் பற்றிய கோபமாகவே இருக்கும். போட்டி நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்களுக்குக் கூகுள் மேப்பில் எழுதப்பட்ட விமர்சனங்களும், கிரைண்டர் பற்றிய யூடியூப் காணொளிகளின் பின்னூட்டங்களும் அடுத்த சுரங்கங்கள். தேடும்போது நிறுவனப் பெயரை மட்டும் தட்டினால் விளம்பரமே வந்து குவியும். மக்கள் யாரும் 'விற்பனைக்குப் பிந்தைய சேவை' என்று எழுதுவதில்லை. 'ஆள் வரவே இல்லை' என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே முதலில் சில நூறு பின்னூட்டங்களைப் படித்து அவர்களுடைய சொற்களைச் சேகரித்தபின், எக்ஸ் தளத்தில் இப்படித் தேடினோம்:

```
grinder (belt OR suthala OR "service varala") -filter:links
```

கடைசிப் பகுதி, இணைப்புடன் வரும் விற்பனைப் பதிவுகளை நீக்கிவிடும். `lang:ta` சேர்த்தால் தமிழ் எழுத்தில் உள்ளவைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் விடுபடுவார்கள் என்பதால், அதைச் சேர்க்காமல், இதே சொற்களைத் தமிழ் எழுத்தில் இட்டுத் தனியாக ஒருமுறை தேட வேண்டும்.

சேர்ந்தவற்றை வகைப்படுத்தும்போது எங்கள் மெக்கானிக்கை அருகில் உட்கார வைத்தது பெரிய உதவியாக இருந்தது. 'டிரம் சுற்றவில்லை', 'கருகல் வாடை வருகிறது', 'பெல்ட் போய்விட்டது' ஆகியவற்றை நான் மூன்று குறைகளாக எழுதியிருந்தேன். அளவுக்கு மீறி மாவு போட்டால், நடுத்தண்டின் வழியாகக் கசிந்த நீர் கீழே பெல்ட்டை நனைத்து வழுக்க வைக்கும் என்றும், மூன்றும் பெரும்பாலும் ஒரே கோளாறின் வெவ்வேறு கட்டங்கள் என்றும் அவர் விளக்கினார். ஒன்றாகச் சேர்த்தபின், பட்டியலின் நடுவில் கிடந்த பெல்ட் மேலே வந்தது.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடவும் கூடாது. எடுத்துக்காட்டாக, போட்டி நிறுவனத்தைப் பற்றி 400 குறைகளும் உங்களைப் பற்றி 60 குறைகளும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இரைச்சல் பற்றி 80, உங்களுக்கு 18 என்றால் அவர்கள்தான் மோசம் என்று தோன்றும். அவர்கள் விற்பது அதிகம் என்பதால் குறைகளும் அதிகமாகத்தான் இருக்கும். பங்காகப் பார்த்தால் அவர்களுக்கு 20 சதவீதம், உங்களுக்கு 30. 'எங்கள் கிரைண்டர் சத்தம் போடாது' என்று விளம்பரம் செய்தால் உங்கள் வாடிக்கையாளரே சிரிப்பார். அதே பட்டியலில் 'மெக்கானிக் வரவில்லை, உதிரிபாகம் இல்லை' என்பது அவர்களுக்கு 140, உங்களுக்கு 9 என்றால், அதாவது 35 சதவீதத்துக்கு எதிராக 15 என்றால், அங்கே இடைவெளி இருக்கலாம். ஒரு குறையின் பங்கு குறைந்தால் மற்றொன்றின் பங்கு தானாக உயரும் என்பதால் இதுவும் துப்பு மட்டுமே.

எங்களுக்குக் கிடைத்த துப்பும் ஏறக்குறைய அதுதான்: சிறு ஊர்களில் பெல்ட் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களின் புலம்பல். அதை நம்புவதற்கு முன் எல்லா நிறுவனங்களின் பொருளையும் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் சிலரிடம் கேட்டு உறுதிசெய்தோம். பிறகு பெட்டிக்குள்ளேயே ஒரு மாற்றுப் பெல்ட்டை வைத்து, அதை மாற்றும் முறையைக் குறுங்காணொளியாக வெளியிட்டு, டிரம்மின் உட்புறம் மாவு எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடும் போட்டோம்.

இது அடுத்தவர் வீட்டை எட்டிப்பார்ப்பது என்று சிலர் சொல்லக்கூடும். பொதுவில் எழுதப்பட்டதை மட்டுமே படித்தோம். எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. போட்டி நிறுவனத்தின் மீது குறை சொன்னவர்களிடம் போய் 'எங்களிடம் வாங்குங்கள்' என்று ஒருபோதும் எழுதவில்லை. வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் நடக்கும் பேச்சு எந்தத் தேடலுக்கும் எட்டாது. அதற்கு இப்போதும் டீலர் கடைகளில் நின்று பேச்சுக்கொடுப்பதைத்தான் நம்பியிருக்கிறோம்.