எட்டுக் கேள்விக்கும் குருட்டாம்போக்கில் விடை: குறைந்தது 3 சரியாக வருமா?

கேள்வி: ஐயா, பிளஸ் டூ படிக்கும் என் மகனின் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். 8 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 4 விடை, ஒன்றுதான் சரி. எல்லாவற்றையும் ஊகித்தே எழுதினால் குறைந்தது 3 சரியாக வர நிகழ்தகவு என்ன? அவனுக்கு 0.2076 வந்தது, எனக்கு 0.1138. விடைப்பக்கத்தில் 0.3215 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: விடைப்பக்கம்தான் சரி. உங்கள் இருவருக்கும் பெருக்கலிலோ கூட்டலிலோ தவறு இல்லை. ஆளுக்கொரு வேறு கேள்விக்கு விடை கண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

போட்டோவில் பையன் ஓரத்தில் 8C3 = 56 என்று எழுதியிருப்பது தெரிகிறது. அங்கிருந்து அவன் போயிருப்பது 'மிகச் சரியாக 3' என்ற இடத்துக்கு. 'குறைந்தது 3' என்றால் 3, 4, 5, 6, 7, 8 எல்லாமே அடங்கும். அந்த ஆறையும் தனித்தனியாகக் கண்டு கூட்டலாம். அதைவிட வேண்டாத மூன்றை, அதாவது 0, 1, 2 ஆகியவற்றைக் கண்டு 1-இலிருந்து கழிப்பது சுருக்கம். நீங்கள் அந்த வழியில்தான் போனீர்கள். ஆனால் கழிக்கும்போது 3-ஐயும் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள். 0.1138 என்பது '3-க்கு மேல்' என்று கேட்டிருந்தால் வரும் விடை.

ஈருறுப்புப் பரவலின் சூத்திரத்தை மறந்துவிட்டு எண்ணியே பார்க்கலாம். 8 கேள்விக்கும் 4 விதமாக விடை குறிக்கலாம் என்பதால் மொத்தம் 4⁸ = 65,536 விதம். குருட்டாம்போக்கில் எழுதுபவருக்கு இவை எல்லாமே சமவாய்ப்பு உள்ளவை.

எல்லாமே தவறாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் 3 தவறான விடைகளில் ஒன்று: 3⁸ = 6,561. ஒன்று மட்டும் சரி என்றால், அது எந்தக் கேள்வி என்பதற்கு 8 வழி, மீதி ஏழும் தவறு: 8 × 2,187 = 17,496. இரண்டு சரி என்றால், எந்த இரண்டு என்பதற்கு 28 வழி, மீதி ஆறும் தவறு: 28 × 729 = 20,412. மூன்றையும் கூட்டினால் 44,469. இதை 65,536-இலிருந்து கழித்தால் 21,067. வகுத்துப் பாருங்கள், 0.3215 வரும்.

கணினியில் சரிபார்க்க எக்செலில் இதைத் தட்டுங்கள்:

```
=1-BINOM.DIST(2,8,0.25,TRUE)
```

முதலில் இருக்கும் எண் 2 என்பதைக் கவனியுங்கள். அங்கே 3 என்று போட்டால் உங்கள் 0.1138-தான் திரும்ப வரும்.

சரி, இந்த 0.3215 எப்போது செல்லும்? ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர் புதிதாக, சீட்டுக் குலுக்கி எடுப்பது போல விடை குறித்தால் செல்லும். நிஜத்தில் பலர் அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் 'இ' என்று குறித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வினாத்தாள் தயாரித்தவர் அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றும் இரண்டிரண்டு முறை சரியான விடையாக வரும்படி அமைத்திருந்தால், அந்த மாணவருக்கு நிச்சயமாக 2 சரி. கூடவும் வராது, குறையவும் வராது. குறைந்தது 3 கிடைக்கும் நிகழ்தகவு பூஜ்யம்! சராசரி இரண்டு பேருக்கும் அதே 2-தான். பரவல்தான் வேறு.

இன்னொன்று, கொஞ்சம் படித்த பையன் முழுக் குருட்டாம்போக்கில் எழுத மாட்டான். ஒவ்வொரு கேள்வியிலும் 'இது நிச்சயம் இல்லை' என்று ஒரு தவறான விடையை ஒதுக்க முடிந்தால் 1/4 என்பது 1/3 ஆகிவிடும். அதே வழியில் போட்டால் 1 − 3,072/6,561, அதாவது 0.5318. ஒரே ஒரு விடையை ஒதுக்கியதற்கு இவ்வளவு ஏற்றம்.

நாலு கேள்வியில்தான் அப்படி ஒதுக்க முடிந்தது, மற்ற நாலும் குருட்டாம்போக்கு என்றால் நேரடியாக ஈருறுப்புச் சூத்திரத்தில் போடக் கூடாது, ஏனென்றால் வெற்றி வாய்ப்பு எல்லாக் கேள்விக்கும் ஒன்றாக இல்லை. 1/3-க்கும் 1/4-க்கும் சராசரி எடுத்துப் போடுவதும் சரியான முறை அல்ல. நாலு நாலாகப் பிரித்துத் தனித்தனியாகக் கண்டு பெருக்க வேண்டும். உதாரணமாக, எல்லாமே தவறாக (2/3)⁴ × (3/4)⁴ = 1/16. இதேபோல ஒன்று சரி, இரண்டு சரி ஆகியவற்றுக்கும் எந்தக் குழுவில் எத்தனை என்று பிரித்துக் கண்டு, மூன்றையும் 1-இலிருந்து கழித்தால் 0.4271 வரும். பையனை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.