பேற்றை மேலே எழுதினால் போதுமா?

"பாடக்குறிப்பின் மேலே கற்றற்பேற்றை எழுதிவிட்டுத்தானே படிப்பிக்கிறோம்? பேற்றிலிருந்து பின்னோக்கித் திட்டமிடு என்கிறார்களே, அதில் புதிதாக என்ன இருக்கிறது?"

புதியது நடுப்படி. பேற்றை எழுதியதும் நாங்கள் நேரே செயற்பாட்டுக்குப் போய்விடுகிறோம். அமெரிக்கக் கல்வியாளர்களான விக்கின்ஸும் மக்டையும் 1998இல் ஒழுங்குபடுத்தித் தந்த முறையில் இடையில் ஒரு கேள்வி நிற்கிறது: பிள்ளை அந்தப் பேற்றை அடைந்துவிட்டது என்பதற்கு எதைச் சான்றாக ஏற்பேன்? அதற்கு விடை கண்ட பிறகுதான் பாடவேளைகளைப் பிரிக்க வேண்டும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கனவளவு அலகுக்கு முன்பெல்லாம் "கனவளவையும் கொள்ளளவையும் விளங்கிக்கொள்வர்" என்று எழுதுவேன். விளங்கிக்கொண்டதை எப்படிப் பார்ப்பது? அதனால் இப்படி மாற்றினேன்: "கனவுரு வடிவான தாங்கியொன்றைத் தானே அளந்து, எத்தனை லீற்றர் கொள்ளும் எனக் கணித்து, எடுத்த அளவுகளுக்குக் காரணம் சொல்வர்." சான்று உடனே கண்ணில் பட்டது. ஆடி, ஆவணியில் கிணறு வற்றினால் பவுசர் வந்து நிரப்பும் எங்கள் சீமெந்துத் தாங்கிதான் அது. நிரப்ப எத்தனை லீற்றர் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

அந்தத் தாங்கியை முதலில் நானே அளந்தேன். வெளியே 1.7 மீற்றர் நீளம், 1.4 அகலம், 1.1 உயரம். சுவரும் அடித்தளமும் 10 சென்ரிமீற்றர் தடிப்பு. வெளியளவைப் பெருக்கினால் 2618 லீற்றர் வரும். உள்ளளவு 1.5, 1.2, 1.0, உண்மையில் கொள்வது 1800 லீற்றர்தான். பயிற்சிக் கணக்கில் நீள அகல உயரத்தை நாங்களே கொடுத்துவிடுவதால் இந்தப் பிழை ஒருநாளும் வெளியே வராது. இரண்டாவது பிழையும் உண்டு: ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர் என்பதால் ஒரு கன மீற்றரும் 100 லீற்றர் என்று நினைப்பது. 180 என்று விடை வந்தால் காரணம் அதுதான்.

இதற்குப் பிறகு பாடவேளைகளைத் தீர்மானிப்பது சுலபமாக இருந்தது. மட்டையில் பெட்டி செய்வதற்கு நான் இரண்டு பாடவேளை ஒதுக்குவது வழக்கம். பிள்ளைகளுக்கு அது நல்ல விருப்பம். ஆனால் அது இல்லாவிட்டால் தாங்கி வேலையில் எதுவும் குறையுமா என்று கேட்டுப் பார்த்தேன், குறையாது. மனமில்லாமல்தான் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் 10 சென்ரிமீற்றர்ச் சதுரமுகிப் பாத்திரத்தில் ஒரு லீற்றர்ப் போத்தலை ஊற்றிப் பார்த்தோம். அடுத்த நாள் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியொன்றை உள்ளேயும் வெளியேயும் அளந்தோம்.

பயிற்சியை அதே தாங்கியில் வைக்காதீர்கள். வைத்தால் கடைசியில் நீங்கள் பார்ப்பது ஞாபகத்தைத்தான்.

தேர்ச்சிகளும் பேறுகளும் ஆசிரியர் வழிகாட்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை மாற்ற எங்களுக்கு இடமில்லை. சான்றும் பாட ஒழுங்கும்தான் எங்கள் கையில். தவணைப் பரீட்சையும் வரும், ஒரு தாங்கி முழு அலகையும் காட்டாது. அதனால் ஐந்து எழுத்துக் கணக்குகளையும் சான்றோடு சேர்த்திருக்கிறேன், அதிலொன்றில் சுவர்த்தடிப்பைக் கொடுத்து உள்ளளவைக் கேட்கிறேன்.