பொடி மட்டும் நிரப்பினால் போதாது

கேள்வி: நான்கு பேர் வேலை பார்க்கும் வரி ஆலோசனை அலுவலகம் எங்களுடையது. 12ஏ கார்ட்ரிட்ஜ் போடும் பழைய லேசர் பிரிண்டர் இருக்கிறது. மாதம் 3 ரீம் தாள் செலவாகிறது. 350 ரூபாய்க்கு ரீஃபில் செய்கிறோம். இரண்டாவது தடவையே பக்கமெல்லாம் சாம்பல் பூத்து, கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. இரண்டு பக்கமும் அச்சிட்டால் தாள் சிக்குகிறது. ரீஃபிலை விட்டுவிட்டுப் புதுக் கார்ட்ரிட்ஜே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்கேலை எடுத்து அந்தப் புள்ளிகளை அளந்து பாருங்கள். ஒரே புள்ளி பக்கத்தின் நெடுக்கில் ஏழரை செ.மீ.க்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப விழுந்தால் குற்றம் டிரம்மில். கார்ட்ரிட்ஜுக்குள் பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளக்கும் உருளைதான் டிரம். அதன் விட்டம் 24 மி.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 மி.மீ. தாளைக் கடக்கிறது, அதில் ஒரு கீறல் இருந்தால் ஒரு ஏ4 தாளில் மூன்று நான்கு இடங்களில் தலைகாட்டும். எத்தனை முறை பொடி நிரப்பினாலும் அது போகாது. கடைக்காரரிடம் டிரம்மை மாற்றச் சொல்லுங்கள். ரீஃபிலைவிடச் செலவு கூடத்தான் செய்யும், ஆனால் புதுக் கார்ட்ரிட்ஜின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. டிரம்மில் இருக்கும் பொடி முழுவதும் தாளுக்குப் போவதில்லை. மிச்சத்தை ஒரு ரப்பர் பட்டை வழித்து, கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் கழிவு அறைக்குள் தள்ளுகிறது. ரீஃபில் என்றால் இருபக்க ஊசிகளைக் கழற்றி, கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரித்து, அந்த அறையைக் காலி செய்து, பட்டையைத் துடைத்த பிறகே பொடி நிரப்ப வேண்டும். அவசரக்காரர்கள் சூடான சாலிடரிங் அயர்னால் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு, பொடியைக் கொட்டி, டேப் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாது. இரண்டாவது தடவை கழிவு அறை நிரம்பி வழிகிறது. உங்கள் கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பாருங்கள். டேப் ஒட்டிய ஓட்டை தெரிந்தால் கடையை மாற்றுங்கள். அடுத்த முறை உங்கள் கண்ணெதிரே பிரித்து நிரப்பச் சொல்லுங்கள். கழிவு அறையிலிருந்து எடுத்த பொடியை மறுபடி போட விடாதீர்கள். அதில் தாள் தூசி கலந்திருக்கும். பிரித்து வைத்த டிரம் வெளிச்சத்தில் கிடந்தாலும் கெடும், அதன்மேல் ஒரு துணியாவது மூடியிருக்க வேண்டும்.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் அச்சிட்டால் தாள்தான் மிச்சம், பொடி மிச்சமாகாது. அச்சாகும் பக்கங்களின் எண்ணிக்கை அதேதானே! உங்கள் 1,500 பக்கங்களில் 600 பக்கம் அலுவலகக் கோப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இருபக்கமாக எடுத்தால் 300 தாள், அதாவது அரை ரீமுக்கு மேல் மிஞ்சும். பொடியைக் குறைக்க வேண்டுமென்றால் அட்டவணைகளின் நிழல் கட்டங்களை நீக்குங்கள். பக்கத்தில் 5 சதவீதம் மை என்ற கணக்கில்தான் 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம் சொல்கிறார்கள். நிழல் போட்ட பக்கம் அதைவிட எத்தனையோ மடங்கு தின்னும்.

உங்கள் பிரிண்டரில் தாளைக் கையால்தான் திருப்பிப் போட வேண்டும். வேர்டில் Manually Print on Both Sides என்பதைத் தேர்ந்தால் முதல் பாதி முடிந்ததும் தாளைத் திரும்பப் போடச் சொல்லும். எந்தப் பக்கம், எந்த முனை என்ற குழப்பத்தை ஒரே தடவையில் தீர்த்துவிடலாம்: நான்கு பக்கச் சோதனைக் கோப்பு ஒன்றை அச்சிட்டு, சரியாக வந்த முறையைப் படமாக வரைந்து பிரிண்டர்மேல் ஒட்டிவிடுங்கள்.

தாள் சிக்குவதற்குச் சூடுதான் காரணம். பொடியை உருக்கி ஒட்டும் உருளையைக் கடக்கும்போது தாள் ஈரம் இழந்து சுருள்கிறது. அது சூடாறாமல் மறுபக்கத்துக்குப் போனால் சிக்கத்தான் செய்யும். இருபது இருபது தாளாகப் போடுங்கள். சில நிமிடம் ஆறவிட்டு, சுருளை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தி, விசிறிப் பிரித்து வையுங்கள். மெல்லிய தாளைவிட 75 ஜிஎஸ்எம் தாள் இதற்குத் தாங்கும்.

பழைய தாளின் வெற்றுப் பக்கத்தில் அச்சிடும் வழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒரேயொரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனால் சூட்டு உருளையின் மெல்லிய உறை கிழியும். அந்தப் பழுதுக்குக் கொடுக்கும் பணத்தில் பல ரீம் தாள் வாங்கலாம். அத்தகைய தாள்களைக் குறிப்பேடாகத் தைத்துக்கொள்வதே மேல்.

இனி ஓட்டவே முடியாத கார்ட்ரிட்ஜைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். சட்டப்படி அது மின்கழிவு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும்.