இரட்டை சிம் கைபேசியில் வேறு எண்ணைப் பதிந்துவிட்டால் பழைய உரையாடல்கள் என்ன ஆகும்?

கேள்வி: புதிதாக ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கி, பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பழைய எண்ணையும் டேட்டாவுக்காக வாங்கிய புது எண்ணையும் அதில் போட்டேன். வாட்ஸ்அப் நிறுவும்போது கவனிக்காமல் புது எண்ணைக் கொடுத்துவிட்டேன். உள்ளே ஒரு உரையாடல்கூட இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா? அமைப்புகளில் உள்ள Change number மூலம் பழைய எண்ணுக்கு மாற்றினால் திரும்ப வருமா? பழைய கைபேசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பதில்: எதுவும் அழியவில்லை. Change number பக்கம் மட்டும் இப்போது போகாதீர்கள்.

வாட்ஸ்அப் கணக்கு எண்ணோடு பிணைந்தது. எந்தக் கைபேசி, எந்த சிம் துளை என்பதை அது பொருட்படுத்துவதில்லை. நீங்கள் கொடுத்த புது எண்ணுக்கு இதுவரை கணக்கே இல்லாததால், செயலி அதற்கு ஒரு புதுக் கணக்கைத் தொடங்கியது. அதில் உரையாடல் இருக்க வழியில்லை. பழைய எண்ணின் கணக்கு பழைய கைபேசியில் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் திறந்து பாருங்கள், உரையாடல்கள் அனைத்தும் அங்கே இருக்கும்.

Change number என்பது இப்போது திறந்திருக்கும் கணக்கை வேறோர் எண்ணுக்குக் கொண்டுபோகும் வசதி. உங்கள் நிலையில் அது அந்தக் காலிக் கணக்கைத்தான் பழைய எண்ணின் மேல் கொண்டுபோய் வைக்கும். பழைய கைபேசியில் இணைப்பு துண்டிக்கப்படும், புதியதிலோ வெற்றுத் திரையே மிஞ்சும். காப்புப்பிரதியிலிருந்து மீட்கட்டுமா என்ற கேள்வியைச் செயலி எண்ணைப் பதியும் கட்டத்தில்தான் கேட்கிறது; எண்ணை மாற்றும்போது கேட்பதில்லை.

ஆகவே வேலையைப் பழைய கைபேசியிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் Chats, அதனுள் Chat backup என்ற பக்கத்தில், கடைசியாகக் காப்புப்பிரதி எடுத்த நாளும் நேரமும் அது சேமிக்கப்படும் கூகுள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் தெரியும். அந்த முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலரிடம் இரண்டு, மூன்று கூகுள் கணக்குகள் இருக்கின்றன. மீட்பு கைகூடாமல் போவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. பிறகு வைஃபை இணைப்பிலும் சார்ஜரிலும் வைத்து Back up பொத்தானை அழுத்தி, அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள். பழைய எண்ணைப் புதுக் கைபேசியில் பதிந்த நொடியே பழைய கைபேசியிலிருந்து அந்தக் கணக்கு வெளியேறிவிடும் என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது. காப்புப்பிரதி கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி இடத்தில்தான் சேர்கிறது. இடம் போதாவிட்டால் வீடியோக்களைச் சேர்க்கும் தெரிவை அணைத்துவிடலாம்.

அடுத்து, புதுக் கைபேசியின் அமைப்புகளில் அதே கூகுள் கணக்கைச் சேர்த்து, வாட்ஸ்அப்பை அகற்றிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். செயலிக்குள் இருக்கும் Delete account தேவையில்லை, அகற்றினாலே போதும். எண் கேட்கும் திரையில், கைபேசி தானாகவே சிம் எண்களைப் பட்டியலிட்டுக் காட்டலாம். நீங்கள் தவறியதும் அநேகமாக இந்த இடத்தில்தான். அந்தப் பட்டியலைத் தொடாமல் மூடிவிட்டு, பழைய எண்ணைக் கையால் தட்டச்சு செய்து, எண் சரிதானா என்று செயலி திருப்பிக் கேட்கும்போது கடைசி நான்கு இலக்கங்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை இட்டதும், காப்புப்பிரதியின் நாளும் அளவும் திரையில் தோன்றும். நீங்கள் சற்று முன் எடுத்த நேரத்தோடு அது பொருந்தினால் Restore அழுத்துங்கள். செய்திகள் முதலில் வந்துவிடும், படங்கள் பின்னணியில் மெல்ல இறங்கும்.

காப்புப்பிரதி எதுவும் இல்லை என்று செயலி சொன்னால், அவசரப்பட்டு Skip அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் மறுபடியும் அகற்றி நிறுவ வேண்டிவரும். எண்ணையும் கூகுள் கணக்கையும் மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் மீட்பு நடக்காது. முன்பு நீங்கள் முழு மறையாக்கக் காப்புப்பிரதியை இயக்கியிருந்தால், அதற்கு வைத்த கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறவுகோலோ கேட்கப்படும். அது மறந்துபோயிருந்தால் அந்தப் பிரதியை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அத்தகைய நிலையில், பழைய கைபேசியில் கணக்கு வெளியேறுவதற்கு முன்பே அந்த மறையாக்கத்தை அணைத்துவிட்டுப் புதிதாக ஒரு காப்புப்பிரதி எடுப்பதுதான் வழி.

புது எண்ணில் இதற்குள் யாராவது செய்தி அனுப்பியிருந்தால், அந்த உரையாடல் பழைய எண்ணின் கணக்கோடு சேராது. தேவையானதாக இருந்தால் செயலியை அகற்றுவதற்கு முன் Export chat மூலம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். புது எண்ணும் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும் என்று விரும்பினால், மீட்பு முழுமையாக முடிந்த பிறகு, அதே செயலியில் இரண்டாவது கணக்காக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் 2023 முதல் இந்த வசதி உண்டு.