வராத வட்டிக்கு வரி, மூழ்கிய நகைக்கு என்ன கணக்கு?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் சிறிய அடகுக்கடை வைத்திருக்கிறேன், உரிமம் உண்டு. ஒரு வருடம் தாண்டியும் திருப்பாத சீட்டுகள் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. கணக்கெழுதுகிறவர் அவற்றுக்கும் மார்ச் 31 வரை வட்டி போட்டு லாபத்தில் சேர்த்துவிட்டார். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டினேன். அந்த நகைகளைச் சரக்கு இருப்பு என்று எழுதிக்கொள்ளலாமா? வட்டியை எதுவரை போட வேண்டும்?

பதில்: முதலில் நகை. சரக்கு என்று எழுத வேண்டாம். 1943-ம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி, திருப்புவதற்கு ஓர் ஆண்டும், அதற்கு மேல் ஏழு நாள் சலுகையும் உண்டு. அது கடந்தாலும் நகை தானாக உங்களுடையது ஆகிவிடாது, பொது ஏலத்துக்குத்தான் போக வேண்டும். நம் ஊரில் ‘மூழ்கிப் போச்சு’ என்று சொல்லிவிட்டு நேராக உருக்குக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பேரேட்டில் பதிவும் இருக்காது, சட்டத்தில் இடமும் கிடையாது. ஏலம் முடியும் வரை உங்கள் ஐந்தொகையில் இருக்க வேண்டியது கடன் மட்டுமே. நகை அதற்கான ஈடு. அதன் எடையும் விவரமும் அடகுப் புத்தகத்தில் இருந்தால் போதும்.

இப்போது வட்டி. நாள் கழியக் கழிய வட்டி சேர்கிறது என்பது பொது விதி. கணக்கெழுதுகிறவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் அதே கணக்கியல் விதி, கைக்கு வருமா என்பது சந்தேகமாக இருந்தால் வருமானமாகக் காட்டுவதைத் தள்ளிப்போடு என்றும் சொல்கிறது. அடகுக்கடையில் அந்தச் சந்தேகத்தை அளக்கச் சுலபமான வழி உண்டு: நகையை இன்று விற்றால் அசலும் வட்டியும் தேறுமா என்று பார்ப்பது. ஆள் வருவாரா மாட்டாரா என்ற யோசனை அடுத்ததுதான்.

ஒரே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, இரண்டு பேர் ஆளுக்கு 60,000 ரூபாய் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய், அதாவது மாதம் 750. (கணக்குக்காக எடுத்த விகிதம் இது. உங்களுக்கு அரசு அறிவித்த உச்சவரம்புதான் எல்லை.) இருவருமே எதுவும் கட்டவில்லை. மார்ச் 31-ல் எட்டு மாத வட்டி ஒவ்வொரு சீட்டிலும் 6,000 ரூபாய்.

முதல் நகை நல்ல தங்கம், விற்றால் 85,000 தேறும். 66,000-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. எனவே 6,000 முழுவதையும் வருமானத்தில் எடுக்கலாம். இரண்டாவது கல் வைத்த நெக்லஸ். கல், அரக்கு எடையைக் கழித்து, மாற்றும் பார்த்தால் 63,000-தான் நிற்கும். ஏலச் செலவு 1,000 போனால் 62,000. இதில் அசலுக்கு மேல் மிஞ்சுவது 2,000. ஆக வருமானத்தில் 2,000 மட்டும் எடுங்கள். மீதி 4,000-ஐ ‘ஒதுக்கி வைத்த வட்டி’ என்று தனிப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அது லாப நட்டக் கணக்குக்குள் வராது. ஆள் வந்து முழுதாகக் கட்டித் திருப்பினால், வந்த வருடத்தில் வருமானம். அவரிடம் கேட்கும் உரிமை இதனால் குறையாது.

மதிப்பை அன்றைய நகைக்கடை விலையில் போடாதீர்கள், சேதாரமும் செய்கூலியும் திரும்பி வராது. பழைய தங்கத்துக்கு வாங்குகிறவர் என்ன தருவாரோ அதுதான் விலை. தங்கம் ஏறிக்கொண்டே போகும்போது இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. 2013 ஏப்ரலில் விலை சட்டென விழுந்தபோது, விளிம்பு வரை கடன் கொடுத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது.

சரி, இரண்டு நகையும் அடுத்த ஆண்டு ஏலத்துக்குப் போகின்றன. ஓர் ஆண்டு வட்டியோடு நிறுத்திக் கணக்கு போடுகிறேன்: ஒவ்வொன்றிலும் வர வேண்டியது 69,000. முதல் நகை 86,000-க்குப் போகிறது, செலவு 1,000 கழித்தால் 85,000. பாக்கி 69,000 போக மிஞ்சும் 16,000 உங்கள் லாபமில்லை. அடகு வைத்தவருக்குத் தர வேண்டியது, எனவே பொறுப்புப் பக்கத்தில் அவர் பெயரிலேயே எழுத வேண்டும். இதைப் ‘பலவகை வருமானம்’ என்று எழுதியிருந்த புத்தகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். இரண்டாவது 62,500-க்குப் போகிறது, செலவு போக 61,500. அசல் வந்துவிட்டது, வட்டியில் 1,500 வந்திருக்கிறது. முன்பே 2,000 வருமானம் காட்டியதால் 500 ரூபாயை வராக்கடனாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். மொத்தம் 6,000 காட்டியிருந்தால் தள்ளுபடி 4,500 ஆகியிருக்கும். இரண்டாமவரிடம் குறைந்ததை முதலாமவரின் உபரியில் சரிக்கட்டவும் கூடாது, ஆள் வேறு, சீட்டு வேறு.

உங்கள் இருபது சீட்டுகளில் நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஓர் ஆண்டு முடிந்ததும் ‘மாற்றி வைப்பது’ வழக்கம். பழைய சீட்டை 69,000-க்கு அடைத்து, அதே நகைக்கு அன்றே 69,000-க்குப் புதுச் சீட்டு. புத்தகத்தில் வட்டி 9,000 வந்தது போல இருக்கும், கல்லாவில் ஒரு ரூபாயும் வந்திருக்காது. வந்தால் மட்டும் வருமானம் என்று எழுதுகிறவருக்கும் இந்தப் பதிவால் வரி விழுந்துவிடும். அதோடு, புதுச் சீட்டில் வட்டிக்கும் வட்டி ஓடும். உங்களுக்கு அனுமதி தனிவட்டிக்கு மட்டுமே. கண்டுபிடிக்க, ஒரே பெயர், ஒரே எடை, ஒரே தேதியில் ஒரு சீட்டு அடைந்து இன்னொன்று திறந்திருக்கிறதா பாருங்கள். 69,000 மாதிரி முழுசாக இல்லாத கடன் தொகைகளும் காட்டிக்கொடுக்கும். மாற்றி வைக்க வருகிறவரிடம் வட்டியைக் கையில் வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் பழைய சீட்டே தொடரட்டும்.

கடன் கொடுக்கும்போதே முதல் மாத வட்டி பிடிக்கிறீர்கள் என்றால், மார்ச் 20-ல் பிடித்ததில் மார்ச் மாத நாட்களுக்கு உரியது மட்டும் இந்த வருட வருமானம். மீதி முன்கூட்டி வந்த வட்டி.

தனி உரிமையாளராக இருந்தால், பணம் வந்தபோது மட்டும் வருமானம் காட்டும் முறையையே எடுத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அந்த முறையில் முன்கூட்டிப் பிடித்த வட்டியும் பிடித்த அன்றே வருமானம். எந்த முறை என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து இந்த மார்ச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே வரி கட்டிய வட்டிக்கு, மேலே சொன்ன நெக்லஸ் கணக்கை ஒவ்வொரு சீட்டுக்கும் போடுங்கள். நகையால் தேறாத பகுதியைத் தள்ளுபடியாக இந்த ஆண்டுப் புத்தகத்தில் எழுதினால்தான் கழிவு கேட்க முடியும். வாயால் ‘போனது போகட்டும்’ என்பது போதாது. அப்புறம், முதலில் ஆகப் பழைய சீட்டுகளை ஏலத்துக்கு அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள்.