பக்கவாட்டுப் படத்தில் பின்னங்கால் வளைவு தெரியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டக் காவலுக்கென்று சிப்பிப்பாறைக் கடுவன் நாய்க்குட்டி வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. படத்தில் பார்த்தால் பின்னங்கால் கம்பு போல நேராகவும், இடுப்பு சரிந்தும் இருக்கிறது. விற்றவர் இதன் உடன்பிறப்பின் படத்தை அனுப்பி, 6,000 ரூபாய் கூடுதலாகத் தந்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார். இது இடுப்பு நோயா? மாற்றிக்கொள்ளலாமா? இரண்டு படங்களையும் அனுப்பியுள்ளேன். – கோவில்பட்டி வட்ட விவசாயி

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் குட்டி குறையற்றது என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது குறையுள்ளது என்பதற்கும் இதில் சான்று இல்லை.

முதலில் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் படத்தில் குட்டி, கையிலிருக்கும் பிஸ்கட்டை அண்ணாந்து பார்த்தபடி, பின்பாதங்களை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்து நிற்கிறது. அப்படி நிற்கும்போது, முழங்காலுக்கும் குதிமூட்டுக்கும் நடுவிலுள்ள கணைக்கால் செங்குத்தாகிவிடும். இடுப்பெலும்பு உள்மடங்கிப் பிட்டம் சரிந்து தெரியும். விற்றவர் அனுப்பிய படத்தில் பாதத்தைக் கையால் பிடித்து ஒரு சாண் பின்னால் வைத்திருக்கிறார்கள். கணைக்கால் சாய்ந்து, அழகான வளைவு போலத் தோன்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், பாதத்தைப் பின்னுக்கு இழுத்தால் முழங்கால் மூட்டு உண்மையில் விரிந்து நேராகிறது. நம் கண் மூட்டின் கோணத்தை அளப்பதில்லை, கணைக்காலின் சாய்வைப் பார்த்து ஏமாறுகிறது. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலை இழுத்து வைத்துப் படமெடுத்து விலை சொல்பவரிடம் நான் ஒரு பூனைக்குட்டிகூட வாங்கமாட்டேன்.

ஆகவே நான் ஒரே ஒரு விதியைப் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். குதிமூட்டுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட பகுதி தரைக்குச் செங்குத்தாக இல்லாத படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வதில்லை. அது செங்குத்தாக நிற்கும்போது, பிட்டத்தின் பின்முனையிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அளவான வளைவுள்ள காலில் அந்த நூல் விரல்களுக்குச் சற்று முன்னால் தரையைத் தொடும். பாதம் நூலுக்கு வெகுவாகப் பின்னால் போனால் வளைவு மிகுதி, நூலுக்கு முன்னால் வந்துவிட்டால் வளைவு குறைவு. ஆனால் இந்தக் கணக்கும், நாய் தானாக நடந்து வந்து நின்றிருந்தால்தான் செல்லும். கேமராவும் நாயின் நடு உடல் உயரத்துக்கு இறங்கி, பத்தடியாவது தள்ளி, உடலுக்கு நேர் குறுக்காக இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு அருகிலிருந்து கீழ்நோக்கி எடுத்திருப்பதால், கால்கள் குட்டையாகவும் முதுகு பெரிதாகவும் விழுந்திருக்கின்றன.

இடுப்பின் அமைப்பைப் படத்தில் தேடுவது அதைவிடச் சிரமம். அங்கே தெரிவது தசையும் வாலும்தான், எலும்பு அல்ல. பயந்து வாலை இடுக்கினால் நல்ல இடுப்பும் சரிவாகத் தெரியும். இந்த இனத்துக்கு முதுகின் பின்பகுதி இயல்பாகவே சற்று வில்லாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கையால் தடவி, இடுப்பெலும்பின் முன்முனையில் ஒரு விரலும் பிட்டத்தின் பின்முனையில் ஒரு விரலும் வைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டின் சாய்வு தெரிந்துவிடும்; தரையோடு ஏறத்தாழ 30 பாகை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எட்டு மாதத்தில் பிட்டம் தோளைவிட உயர்ந்து நிற்பதும் உண்டு. வளர்ச்சி முடியும்வரை பொறுத்திருங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, குட்டி எப்படி நடக்கிறது என்பது. நீர் பாய்ச்சி ஈரம் வடிந்த பாத்தியோரம் அதை நிதான ஓட்டமாக நேர்கோட்டில் அழைத்துச் சென்று, தடத்தைக் குனிந்து பாருங்கள். பின்பாதம் முன்பாதத் தடத்தின் மேலோ அதை ஒட்டியோ விழ வேண்டும். இடது, வலது இரண்டும் ஒரே அளவில் எட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குட்டையாக விழுந்தால், எந்தப் படமும் காட்டாத செய்தி அது. பிறகு பின்னாலிருந்து வீடியோ எடுத்து, குதிமூட்டுகள் உள்வாங்கி ஒன்றையொன்று உரசுகின்றனவா என்று கவனியுங்கள். முழு வேகத்தில் பாயும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்து உந்துவது இந்த இனத்துக்கு இயல்பு. ஆனால் நிதான ஓட்டத்திலும் படியேறும்போதும் முயல் போலச் சேர்த்துத் துள்ளினாலோ, படுத்து எழத் தயங்கினாலோ, இடுப்பு ஆடினாலோ கவலைப்பட வேண்டும்.

இடுப்பு நோய் என்பது பந்துக்கிண்ண மூட்டு தளர்ந்து போவது. காலின் வளைவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வளைவு அழகாக உள்ள நாய்க்கும் மூட்டு தளர்ந்திருக்கலாம். சந்தேகம் வந்தால், கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை நீட்டி எக்ஸ்ரே எடுப்பார்கள். பெரிய கோளாறு இருந்தால் இப்போது எடுத்தாலே தெரிந்துவிடும். இனப்பெருக்கத்துக்கு விடும் எண்ணமிருந்தால் இரண்டு வயது முடிந்தபின் ஒருமுறை எடுப்பது நல்லது.

விற்றவரிடம், அந்த உடன்பிறப்பு கயிறில்லாமல் நடந்து வந்து தானாக நிற்கும் வீடியோவைக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் 6,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.