சமையல் வீடியோவுக்கு வயர்லெஸ் காலர் மைக் தேவையா?

“போனில் சமையல் வீடியோ எடுக்கிறேன். 1.5 மீட்டர் வயர் உள்ள காலர் மைக் இருக்கிறது. வயர்லெஸ் வாங்கினால் ஒலி நன்றாக இருக்குமா?”

ஒலித் தரத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். உட்கார்ந்து பேசுபவருக்கு நல்ல வயர் மைக்கே மேல்; சார்ஜ் தீராது, சிக்னல் அறுபடாது.

உங்கள் நிலை வேறு. முழு அடுப்படியும் தெரிய போனை மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துவீர்கள். அங்கே வயர் எட்டாது. நீட்டிப்பு வயர் போட்டாலும், அடுப்புக்கும் தொட்டிக்கும் நடக்கும்போது அது இழுபட்டு, துணியில் உரசும் சத்தம் பதிவாகும். இதற்கு வயர்லெஸ்தான் சரி.

வயர்லெஸ் மைக் அனுப்பும் ஒலியை வாங்கும் ரிசீவர், போனின் சார்ஜர் துளையில் செருகப்படுவது. வாங்குமுன் உங்கள் போனில் டைப்-சியா லைட்னிங்கா என்று பாருங்கள். தடித்த உறை இருந்தால் பல நேரம் முழுதாக உள்ளே போகாது. செருகியதும் சில விநாடி பதிவுசெய்து, மைக்கை விரலால் மெல்லச் சுரண்டுங்கள். அந்தக் கரகரப்பு பலமாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போனின் சொந்த மைக்கே பதிவுசெய்கிறது; கேமரா செயலியின் அமைப்பில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. மனித உடல் அதைத் தடுக்கும். மைக் நெஞ்சில் இருக்க, போனுக்கு முதுகு காட்டினால் சொற்கள் துண்டு துண்டாக விழலாம். அதனால் போனை உங்கள் முதுகுப் பக்கம் வைக்காமல், அடுப்புக்கு அந்தப் புறமோ பக்கவாட்டிலோ வையுங்கள்.